கம்பெனி பெயர் மாறிப் போனால்

அன்புள்ள பாப்பா,

வேலைக்கு விண்ணப்பித்த கடிதத்தில் கம்பெனி பெயரை மாற்றிப் போட்டு மெயில் அனுப்பிவிட்டாயாம், ராத்திரி சாப்பிடவும் இல்லையாம். உன் அம்மா போனில் சொன்னாள். திருத்தி எழுதுவதா, சும்மா இருந்துவிடுவதா என்பது உன் முடிவு. ஆனால் நான் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தபோது விண்ணப்பித்த ஒரு பெண்ணின் கதையைக் கேட்டுக்கொள்.

கோவையில் எங்களுக்கு வந்த அவள் கடிதத்தின் கடைசிப் பத்தியில் ஓசூர் கம்பெனி ஒன்றின் பெயர் இருந்தது. மறுநாள் காலையில்தான் அவள் கண்ணில் பட்டிருக்கிறது. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்த அதிகபட்சம் 30 விநாடிதான் உண்டு, அது எப்போதோ கடந்துவிட்டது. புதிதாக ஒரு மெயில் போடாமல், தான் அனுப்பிய மெயிலின் தொடர்ச்சியாகவே எழுதினாள். அதனால் இரண்டும் எங்களிடம் ஒன்றாகவே இருந்தன.

“வணக்கம். நேற்று அனுப்பிய கடிதத்தில் வேறொரு நிறுவனத்தின் பெயரைத் தவறுதலாகக் குறிப்பிட்டுவிட்டேன். வருந்துகிறேன். திருத்திய கடிதத்தை இணைத்துள்ளேன், இதையே எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.”

அவ்வளவுதான். காய்ச்சல், கரண்ட் கட் என்று காரணம் எதுவும் சொல்லவில்லை. வருத்தமும் ஒரே ஒரு முறை.

இணைப்பைத் திறந்தபோதுதான் அவள்மேல் எனக்கு மதிப்பு வந்தது. முதல் கடிதத்தில் கியர் பாக்ஸ் வேலையில் ஆர்வம் என்று எழுதியிருந்தாள். நாங்கள் செய்ததோ பம்பு. பெயரை மட்டும் மாற்றியிருந்தால், ஊருக்கெல்லாம் அனுப்பிய ஒரே கடிதம் என்று உடனே தெரிந்திருக்கும். அவள் அந்தப் பத்தியையே எடுத்துவிட்டு, கல்லூரியில் பம்பு சோதித்த அனுபவத்தை எழுதியிருந்தாள். கோப்பின் பெயரிலும் ஓசூர் இல்லை. அந்த மெயிலுக்காக யாரும் வேலை கொடுக்கவில்லை, டெஸ்டில் தேறித்தான் வந்தாள். ஆனால் ஒதுக்கி வைத்த விண்ணப்பத்தை நான் மறுபடி கையில் எடுத்தது அந்த மெயிலால்தான்.

நம் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். மேலக்காட்டு நிலத்தின் பட்டாவில் தாத்தா பெயர் தப்பாக விழுந்தபோது, “யார் பார்க்கப் போகிறார்கள், விடுங்கண்ணா” என்றான் உன் அப்பா. அன்றைக்கே ஒரு மனு கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். பிறகு அந்த நிலத்தை விற்கப் போனபோது என்ன பாடுபட்டோம்! தப்பைப் பார்த்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருப்பது நம் வீட்டு வியாதி, அது உனக்கும் வந்துவிடுமோ என்றுதான் பயப்படுகிறேன்.

நீ அனுப்பியது கன்சல்டன்சிக்கு என்றாள் அம்மா. அப்படியானால் அவர்கள் அதைக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவதற்குள் உன் திருத்தம் போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே நிராகரித்திருந்தால் எந்தத் திருத்தமும் உதவாது, அது வேறு.

அதிகம் பேசிவிட்டேனோ? நீ கெட்டிக்காரி, என் தங்கம். இந்த வேலை இல்லாவிட்டால் இன்னொன்று. உன்னைவிட எங்களுக்கு எந்தக் கம்பெனியும் பெரிதில்லை. முதலில் சாப்பிடு. திருத்தி எழுதுவதானால் மதியத்துக்குள் மெயிலை அனுப்பிவிட்டு எனக்கு ஒரு போன் போடு.

அன்புடன்,
பெரியப்பா