ரஷ்யக்காரரின் வெட்டொன்று துண்டு ரெண்டு விமர்சனம்: தங்கைக்கு அக்காவின் டிப்ஸ்

ரஷ்யாவில் மருத்துவம் படித்துவிட்டு வந்த பிள்ளைகளை நம்மூரில் ஒரு வேலை தானாகத் தேடி வரும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ நாலைந்து அறையோடு கெஸ்ட் ஹவுஸ் நடத்தும் மாமா ஒருவர் போனை நீட்டி, "பிள்ளை, இந்த ரஷ்யக்காரி என்ன எழுதியிருக்கிறா? இங்கிலீஷில ஒருக்கா எழுதித் தா" என்பார். அவர் பதில் போடுவது ஆங்கிலத்தில்தான். பிற நாட்டு விருந்தினர்களுக்குக் காட்டவும் ஆங்கிலம்தான் வேண்டும். உனக்கு ரஷ்யன் தெரியும், ஆங்கிலமும் தெரியும். ஆனாலும் எழுதியவரின் குரல் மாறிப்போக நிறைய இடம் இருக்கிறது, தங்கச்சி.

மாதிரிக்கு ஒரு விமர்சனத்தை எடுத்துக்கொள்வோம். சொல்லுக்குச் சொல் தமிழில் போட்டால் இப்படி வரும்:

"ஆகஸ்டில் ஒரு வாரம் இருந்தோம். இடம் நார்மல். ஏழ்மை, ஆனால் சுத்தம். தண்ணீர் வேகம் இல்லை, காலையில் சுடுதண்ணீர் கிடையாது. உரிமையாளர் சிரிக்க மாட்டார், ஆனால் எல்லாம் செய்து தருவார். இந்தக் காசுக்கு உறுதியான நாலு. இரண்டாம் மாடியை எடுங்கள், முதலாம் மாடியில் சமையலறைச் சத்தம் கேட்கும் )))"

இதை அப்படியே ஆங்கிலத்தில் கொடுத்தால் மாமா அன்றிரவு சாப்பிட மாட்டார். எழுதியவரோ திருப்தியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

1. முதலில் மதிப்பெண்ணைப் பார்

ரஷ்யப் பள்ளிகளில் மதிப்பெண் ஐந்துக்குத்தான். ஐந்து என்றால் மிக நன்று, நாலு என்றால் நன்று, மூன்று என்றால் தேறிவிட்டாய், இரண்டு என்றால் ஃபெயில். அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர் "உறுதியான நாலு" என்று எழுதினால் அது மனமாரத் தரும் நல்ல மதிப்பெண். மாமாவுக்கோ ஐந்து நட்சத்திரத்துக்கு ஒன்று குறைந்தாலே குறைதான். ஆகவே "ஃபோர்" என்று மொட்டையாக விடாமல் "எ சாலிட் ஃபோர் அவுட் ஆஃப் ஃபைவ்" என்று எழுது. "எக்ஸலன்ட்" என்று ஏற்றியும் விடாதே. அது அவர் கொடுக்காத ஐந்தாவது புள்ளி.

2. மொட்டை வாக்கியம் கோபம் அல்ல

"காலையில் சுடுதண்ணீர் கிடையாது" என்பது ரஷ்யனில் வெறும் தகவல். "தயவுசெய்து", "கொஞ்சம்", "துரதிருஷ்டவசமாக" என்ற பஞ்சுகளை வைத்துப் பேசுவது ஆங்கிலக்காரர் பழக்கம். அதை நீ சேர்த்தால் எழுதியவர் வருத்தப்பட்டதாக ஆகிவிடும். "நோ ஹாட் வாட்டர்!" என்று ஆச்சரியக்குறி போட்டால் கத்தியதாக ஆகிவிடும். "தேர் இஸ் நோ ஹாட் வாட்டர் இன் த மார்னிங்" என்று முழு வாக்கியமாக எழுதி முற்றுப்புள்ளி வை. ரஷ்யனில் வினைச்சொல் இல்லாமலே வாக்கியம் நிற்கும். ஆங்கிலத்தில் அப்படி விட்டால் வெடுக்கென்று கேட்கும். வாக்கியத்தை நிறைவு செய்வது இலக்கணக் கடமை, அதனால் குரல் மாறாது.

"நார்மல்" என்ற சொல்லிலும் கவனம். ரஷ்யனில் "நர்மால்னா" என்றால் பரவாயில்லை, குறை சொல்ல ஒன்றுமில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் "ஃபைன்" போதும். "நார்மல்" என்றே போட்டால் எதையும் சொல்லாத சொல்லாகிவிடும்.

3. "ஆனால்" எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கட்டும்

"சிரிக்க மாட்டார், ஆனால் எல்லாம் செய்து தருவார்" என்பதில் தீர்ப்பு இரண்டாவது பாதியில் இருக்கிறது. "எல்லாம் செய்து தருவார், ஆனால் சிரிக்க மாட்டார்" என்று திருப்பினால் பாராட்டு குற்றச்சாட்டாகிவிடும். தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது ரஷ்யர்களிடையே கட்டாய மரியாதை அல்ல. அதனால் சிரிக்காததை "அன்ஃப்ரெண்ட்லி" என்று மொழிபெயர்க்காதே. "டஸின்ட் ஸ்மைல்" என்று கண்டதை மட்டும் எழுது.

"ஏழ்மை, ஆனால் சுத்தம்" என்பதற்கும் இதே விதி. ரஷ்யனில் அது "பேத்னென்கா, நோ சீஸ்தென்கா" என்று பழகிப்போன ஒரு சொற்றொடர். இரண்டு சொல்லிலும் செல்லமாகக் குறுக்கும் விகுதி இருப்பதால் கடுமை போய் ஒரு பரிவு ஒட்டிக்கொள்ளும். "புவர்" என்று போட்டால் அந்தப் பரிவு போய்விடும், மாமாவின் வீட்டையே இகழ்ந்ததாகிவிடும். "நத்திங் ஃபேன்ஸி, பட் கிளீன்" என்பது ஏறக்குறைய அதே இடத்தில் வந்து உட்காரும்.

4. மாடிக் கணக்கும் அடைப்புக்குறியும்

ரஷ்யர்கள் தரைத்தளத்தையே முதலாம் மாடி என்று எண்ணுவார்கள். அவர்களின் இரண்டாம் மாடி நமக்கு முதலாம் மாடி. "செகண்ட் ஃப்ளோர்" என்று எழுதிவிட்டால் இரண்டு தள வீட்டில் அடுத்த விருந்தினர் மொட்டைமாடியைக் கேட்பார். எனவே "ஃபர்ஸ்ட் ஃப்ளோர்", "கிரவுண்ட் ஃப்ளோர்" என்று மாற்று. கட்டடத்தைத் தெரிந்துகொண்டு மாற்று.

கடைசியில் இருக்கும் ")))" தட்டச்சுப் பிழை அல்ல. ரஷ்யர்கள் கண் புள்ளிகளை விட்டுவிட்டு வாய்க்குறியை மட்டும் போட்டுச் சிரிப்பார்கள். ஒன்று இருந்தால் மெல்லிய புன்னகை, மூன்று இருந்தால் நன்றாகவே சிரிக்கிறார். திறந்த பக்கம் "(" என்று இருந்தால் வருத்தம். இதை விட்டுவிட்டால் சமையலறைச் சத்தம் புகாராகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு சிரிப்பு முகம் போட்டுவிடு. "எடுங்கள்" என்பது கட்டளையாகத் தெரிந்தாலும் அடுத்து வருபவருக்குச் சொல்லும் யோசனைதான். யோசனை சொல்பவர் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

5. உண்மையான கோபத்தை ஆற்றாதே

"யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன்", "காசு பிடுங்கும் வேலை", "கொடுங்கனவு" என்றெல்லாம் வந்தால் அங்கே கோபம் உண்மை. மாமா மனம் நோகுமே என்று தணித்து எழுதினால் அவர் நன்றி சொல்லிப் பதில் போடுவார். அதை மொழிபெயர்ப்பில் வாசிக்கும் எழுதியவர் தன்னைக் கேலி செய்வதாக நினைப்பார். தண்ணீர்ப் பம்பும் பழுதுபார்க்கப்படாமலே கிடக்கும்.

6. விளக்கத்தை வெளியே வை

மொழிபெயர்ப்பு ஒரு தாளில், உன் விளக்கம் மாமாவின் பக்கத்தில் உட்கார்ந்து வாயால். "மாமா, நாலு என்றால் அவர்களிடம் நல்ல மார்க். சிரிக்காததைக் குறையாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேகமும் காலைச் சுடுதண்ணீரும்தான் உண்மையான குறை" என்று தமிழில் சொல். இதை ஆங்கில வரிகளுக்குள் திணித்தால் எழுதியவர் சொல்லாததைச் சொன்னதாகிவிடும்.

கடைசியாக ஒரு சோதனை. மதிப்பெண்ணை மறைத்துவிட்டு ரஷ்யன் தெரியாத ஒருவரிடம் உன் ஆங்கிலத்தைக் கொடு. இதை எழுதியவர் ஐந்துக்கு எத்தனை கொடுத்திருப்பார் என்று கேள். அவர் நாலு என்றால் அனுப்பிவிடு. இரண்டு என்றால் சுடுதண்ணீர் வரியை மறுபடி பார், "புவர்" எங்காவது நுழைந்துவிட்டதா என்று தேடு. ஐந்து என்றால் நீ மாமாவுக்குச் செல்லம் கொடுத்துவிட்டாய்.