இதயப் படத்தில் இரத்தம் எங்கே போகிறது?

அன்புள்ள மலர்விழி,

அறிவியல் கண்காட்சிக்காக நீ ஏஐ செயலியில் உருவாக்கி அனுப்பிய இதயப் படத்தைப் பார்த்தேன். நிறமும் நிழலும் அருமை. ஆனால் இதை அப்படியே சார்ட்டில் ஒட்ட நான் சம்மதிக்க மாட்டேன். எந்த இடத்தில் என்ன பிழை, அதை எப்படிக் கண்டேன் என்று சொல்கிறேன். அடுத்த படத்தை நீயே சோதித்துக்கொள்ளலாம்.

முதலில் படத்திலுள்ள பெயர்களையெல்லாம் சிறு காகிதத் துண்டுகளால் மறைத்தேன். பெயர் கண்ணில் பட்டால், அங்கே இருக்க வேண்டியது இருப்பதாகவே மனம் எண்ணிக்கொள்ளும். பிறகு ஒரு பென்சிலை எடுத்து, உடலிலிருந்து திரும்பி வரும் இரத்தத்தோடு கூடவே போனேன். மேற்பெருஞ்சிரை உன் படத்தில் தாளின் இடப்பக்கம் இருக்கிறது. அது சரி. படத்திலிருக்கும் மனிதர் நம்மைப் பார்த்து நிற்பதால், அவருடைய வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகத் தெரியும். அங்கிருந்து வலது ஆரிக்கிள், அதற்குக் கீழே வலது வெண்ட்ரிக்கிள். இதுவரை தடையில்லை.

அடுத்து பென்சில் நுரையீரல் தமனிக்குள் ஏற வேண்டும். உன் படத்தில் அந்த அறையிலிருந்து மேலே வளைந்து எழுவது பெருந்தமனி. தலைக்கும் கைகளுக்கும் போகும் மூன்று கிளைகள்கூட அதில் தெளிவாக இருக்கின்றன. அதாவது உடலிலிருந்து வந்த இரத்தம் நுரையீரல் பக்கமே எட்டிப் பார்க்காமல் மறுபடி உடலுக்குப் போய்விடுகிறது. மறுபாதியிலும் இதே கதைதான்: நுரையீரலிலிருந்து வந்த இரத்தம் நுரையீரலுக்கே திரும்புகிறது. இந்த இரு தமனிகளும் இப்படி இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகள் உண்மையிலேயே உண்டு. ஆக்சிஜன் போதாமல் அவர்கள் உடல் நீலம் பாரிக்கும். பிறந்த சில நாட்களிலோ வாரங்களிலோ அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருக்கும். ஆரோக்கியமான இதயம் என்று தலைப்பிட்டு நீ ஒட்டவிருந்தது அப்படிப்பட்ட ஒன்றை.

‘படத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிவிட்டால் போதாதா, டீச்சர்?’ என்று நீ கேட்பாய். வெண்ட்ரிக்கிள்களின் சுவரைப் பார். உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர், பக்கத்திலிருக்கும் நுரையீரலுக்கு மட்டும் தள்ளும் வலதின் சுவரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு தடிமன். தடித்த சுவர் தாளின் வலப்பக்கம் வர வேண்டும். உன் படத்தில் அது இடப்பக்கம், பெருஞ்சிரைகள் இருக்கும் அதே பக்கத்தில் இருக்கிறது. திருப்பினால் சுவர் சரியாகும், பெருஞ்சிரைகள் தவறிப்போகும். இந்தப் படத்தைத் திருத்தவே முடியாது.

செயலி இரத்த ஓட்டத்தைப் பின்தொடர்ந்து படம் போடுவதில்லை. கணக்கற்ற படங்களில் பார்த்த வடிவங்களைச் சேர்த்து, பார்வைக்குப் பொருந்தும்படி ஒன்றை உருவாக்குகிறது. அதனால் சரியான பகுதிக்கும் தவறான பகுதிக்கும் ஒரே மெருகு. ஒரு பிழையைச் சொல்லி மறுபடி வரையச் சொன்னால், சரியாக இருந்த வேறொன்றும் மாறிவிடலாம். ஆகவே ஒவ்வொரு புதிய படத்துக்கும் பென்சிலைப் பெருஞ்சிரையிலிருந்தே தொடங்கு.

நிறத்திலும் ஒரு சிக்கல். தமனி என்றாலே சிவப்பு என்று நுரையீரல் தமனிக்கும் சிவப்பு பூசப்பட்டிருக்கிறது. அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த இரத்தம். பாடநூல் வழக்கப்படி நீலம் வர வேண்டும். நுரையீரல் சிரைகளுக்குத்தான் சிவப்பு. கூடவே, நீலம் ஓர் அடையாளம் மட்டுமே என்று படத்தின் ஓரத்தில் எழுது. ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் கருஞ்சிவப்புதான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் பார்க்க வருவார்கள். சிரைக்குள் நீல இரத்தம் ஓடுவதாக நம்பிக்கொண்டு போகக் கூடாது.

எல்லாக் குறையும் பிழையாகாது. நுரையீரல் சிரைகள் நான்கு. உன் படத்தில் இரண்டுதான். வெட்டுத்தோற்றத்தில் அப்படிச் சுருக்கி வரைவது உண்டு, அதை விட்டுவிடலாம். வந்து சேரும் அறை மாறினால்தான் விடக் கூடாது.

கடைசியாகத்தான் பெயர்களைத் திறந்தேன். ‘வெண்ட்ரிக்கிள்’ என்ற சொல்லில் பாதி, தமிழ் எழுத்துப் போலத் தெரியும் வெறும் கோடுகள். ‘மூவிதழ் வால்வு’ எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது, ஆனால் அதன் கோடு போய்த் தொடுவது இதயத்தின் இடப்பக்க வால்வை. அது ஈரிதழ் வால்வு. பெயரை மட்டும் படித்திருந்தால் இது தப்பியிருக்கும். ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் விரல் வைத்துப் பார்.

உன் தோழியின் எறும்புப் படத்தையும் பார்த்தேன். கால்கள் ஆறுதான், ஆனால் பின்ஜோடி வயிற்றிலிருந்து முளைக்கிறது. மூன்று ஜோடியும் மார்பிலிருந்துதான் வர வேண்டும் என்று அவளிடம் சொல்லிவிடு.

புதிய படத்தைப் பெயர்களே இல்லாமல் உருவாக்கு. பத்தாம் வகுப்புப் பாடநூல் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒருமுறை பென்சில் ஓட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கொண்டு வா. கோடுகளையும் பெயர்களையும் சார்ட்டில் உன் கையாலேயே எழுதலாம்.

அன்புடன்,
உன் அறிவியல் ஆசிரியை