பிழையைக் காட்டிக்கொடுக்கும் எண்கள்

அன்புள்ள இளம் ஆசிரியருக்கு,

கணினிக் கட்டமைப்பு விரிவுரை ஒன்றை எண்முறை மாற்றப் பயிற்சித்தாளாக மாற்றும் வேலை உங்களிடம் வந்திருக்கிறது. இருபது கணக்குகள், நான்கு எடுத்துக்காட்டுகள், கடைசிப் பக்கத்தில் விடைகள் என்று ஒரே மாலையில் முடித்துவிடலாம் போலத்தான் தோன்றும். ஆனால் இந்த வேலையின் கடினம் முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது: கணக்குக்கு எந்த எண்ணை எடுப்பது என்பதில். தவறான வழியில் போகும் மாணவருக்குத் தவறான விடையைத் தருகிற எண்தான் நல்ல எண். தவறாகச் செய்தாலும் சரியான விடை வந்துவிடுகிற எண், அந்தத் தவறுக்கு 'சரி' போட்டு அனுப்பிவிடுகிறது. தாளின் அமைப்பு, எடுத்துக்காட்டுகளின் வரிசை, விடைக்குறிப்பின் வடிவம் எல்லாம் இதிலிருந்தே பிறக்கின்றன.

பலரும் முதலில் எடுக்கும் 45ஐப் பாருங்கள். இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் மீதிகள் 1, 0, 1, 1, 0, 1 என்று வரும். இவற்றைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும் என்பது விதி. மேலிருந்து கீழாகப் படிப்பதுதான் மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. ஆனால் 45க்கு எப்படிப் படித்தாலும் 101101தான் வரும். 27, 51, 73, 99 ஆகியவையும் இதே இனம். இருநிலையில் எழுதினால் இரு திசையிலும் ஒன்றுபோல் இருப்பவை. இந்த ஐந்தை மட்டும் வைத்துத் தாள் போட்டால், வகுப்பில் பாதிப் பேர் தலைகீழாகப் படித்தாலும் அத்தனை பேருக்கும் முழு மதிப்பெண் கிடைக்கும். பதினாறுநிலைக்கு மாற்றும்போதும் இதே கதைதான். பிட்களை வலப்பக்கத்திலிருந்து நான்கு நான்காகப் பிரிக்க வேண்டும். 11010110 என்று எட்டு பிட் எண்ணைக் கொடுத்தால் எந்தப் பக்கத்திலிருந்து பிரித்தாலும் D6 வரும். பிரிக்கத் தெரியாதவர் யார் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

இப்போது 90ஐ எடுத்துக்கொள்வோம். இதைத்தான் முதல் எடுத்துக்காட்டாக முழுமையாகச் செய்துகாட்டச் சொல்வேன்.

```
90 ÷ 2 = 45   மீதி 0
45 ÷ 2 = 22   மீதி 1
22 ÷ 2 = 11   மீதி 0
11 ÷ 2 =  5   மீதி 1
 5 ÷ 2 =  2   மீதி 1
 2 ÷ 2 =  1   மீதி 0
 1 ÷ 2 =  0   மீதி 1
```

கீழிருந்து படித்தால் 1011010. வலமிருந்து பிரித்தால் 101, 1010, அதாவது 5A. சரிபார்க்க, ஐந்து பதினாறு 80, அதோடு A என்னும் 10 சேர்ந்தால் 90. இந்த ஓர் எண்ணில் மூன்று தவறுகளுக்கு மூன்று வெவ்வேறு விடைகள் கிடைக்கின்றன. மேலிருந்து படித்தவர் 0101101 என்று எழுதுவார். அதன் மதிப்பு 45. ஈவு 1 ஆனதும் வகுப்பதை நிறுத்திக் கடைசி 1ஐ விட்டவர் 011010 என்று எழுதுவார். அதன் மதிப்பு 26. இருநிலையைச் சரியாக எழுதிவிட்டு இடமிருந்து பிரித்தவருக்கு B2 வரும். விடைத்தாளில் எது இருக்கிறது என்று பார்த்தாலே மாணவர் எந்தப் படியில் வழுக்கினார் என்று சொல்லிவிடலாம்.

ஆகவே விடைக்குறிப்பில் ஒவ்வொரு கணக்குக்கும் மூன்று செய்திகள் இருக்கட்டும்: சரியான விடை, அதைத் திருப்பி மாற்றிச் சரிபார்க்கும் ஒரு வரி, வரக்கூடிய தவறான விடையும் அதன் காரணமும். பதினாறுநிலை 205க்கு விடை 001000000101, மதிப்பு 517. பக்கத்திலேயே, '100101 என்று எழுதியிருந்தால், 0ஐயும் 5ஐயும் நான்கு பிட்டாக நிரப்பாமல் விட்டிருக்கிறீர்கள்' என்று இருக்க வேண்டும். இடையில் சுழியம் வரும் இத்தகைய எண் தாளில் கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் அந்தத் தவறு வெளியே வராது. சரியான விடைகளை நீங்கள் கையால் போட்டபின், பைத்தானில் `bin(90)`, `hex(90)` என்று தட்டி ஒத்துப்பாருங்கள். தவறான விடைகளை மட்டும் கருவி தராது. அந்தத் தவறை நீங்களே மாணவரைப் போலச் செய்துபார்த்துத்தான் எழுத வேண்டும்.

இது மாணவரைச் சிக்கவைக்கும் வேலை அல்லவா என்று கேட்கலாம். 90 எந்த வகையிலும் 45ஐவிடக் கடினமான எண் இல்லை. கூடுதலாக ஒரே ஒரு வகுத்தல்தான். முறையாகச் செய்பவருக்கு அதில் பொறி எதுவும் கிடையாது. தப்பாகப் புரிந்துகொண்டவருக்குத்தான், அது தேர்வறைக்குப் போவதற்கு முன்பே தெரியவருகிறது. அதுபோல, தீர்த்துக்காட்டிய கணக்குகள் அதிகமானால் ஊட்டிவிடுவதாகிவிடும் என்பாரும் உண்டு. 1985இல் ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் அல்ஜீப்ராவை வைத்துச் செய்த ஆய்வு இதற்கு இரு பக்கமும் பதில் தருகிறது. தீர்த்த கணக்குகளைப் படித்தவர்கள் அதே வகைக் கணக்குகளைக் குறைந்த நேரத்தில், குறைந்த பிழையுடன் செய்தார்கள். வகை மாறியதும் அந்த நன்மை தெரியவில்லை. ஆகவே 90ஐ முழுதாகக் காட்டுங்கள். அடுத்து 77க்கு வகுத்தலை மட்டும் செய்துகொடுத்து, படிப்பதையும் பிரிப்பதையும் மாணவரிடம் விடுங்கள். அதன்பின் வெற்றுக் கணக்கு. கடைசியில், வகையே மாறும் ஒரு கணக்கு.

அந்தக் கடைசிக் கணக்கை விரிவுரையிலிருந்தே எடுக்க வேண்டும். கால்குலேட்டர் இருக்கும்போது இந்தப் பயிற்சி எதற்கு என்ற கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது. மிப்ஸ் கட்டமைப்பில் `add $t0, $s1, $s2` என்ற ஆணை நினைவகத்தில் `0x02324020` என்று இருக்கும். இதைப் பதின்மத்துக்கு மாற்றி ஒரு பயனும் இல்லை. 32 பிட்களாக விரித்து, 6, 5, 5, 5, 5, 6 என்று வெட்ட வேண்டும்:

```
0000 0010 0011 0010 0100 0000 0010 0000
000000 10001 10010 01000 00000 100000
```

இரண்டாவது புலம் 10001, அதாவது 17, அது `$s1`. மூன்றாவது 18, `$s2`. நான்காவது 8, `$t0`. இந்த வெட்டுகளில் ஒன்றைத் தவிர மற்றவை பதினாறுநிலை இலக்கங்களின் எல்லையில் விழவில்லை, இலக்கங்களின் நடுவே விழுகின்றன. 17 என்ற எண் அந்த எட்டு இலக்கங்களில் எங்கேயும் வெளிப்படையாகத் தெரியாது. கால்குலேட்டர் அந்த 32 பிட்களையும் விரித்துக் கொடுத்துவிடும், ஆனால் எங்கே வெட்டுவது என்று சொல்லாது. மாணவர் தன்னைத் தானே சரிபார்க்கவும் இங்கே எளிய வழி உண்டு: விரித்த பிட்களை எண்ணி 32க்குக் குறைந்தால், எங்கோ ஒரு இலக்கத்தை நான்கு பிட்டாக நிரப்பவில்லை. முன்பு 205இல் பார்த்த அதே தவறு இங்கே புலங்கள் அத்தனையையும் நகர்த்திவிடும். அதனால்தான் அந்தக் கணக்கு இதற்கு முன்னால் இருக்க வேண்டும்.

ஆகவே விரிவுரைக் குறிப்பை எடுத்து, ஆசிரியர் ஓர் எண்முறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடங்களை மட்டும் கோடிடுங்கள்; ஒரு மணி நேரப் பாடத்தில் அவை சிலவே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் எந்தத் தவறு நடக்கும் என்று எழுதிக்கொண்டு, அதைக் காட்டும் எண்ணைத் தேடுங்கள். இருபது கணக்குகள் வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறைப் பிடிக்குமானால் எட்டே போதும். தவறான விடைக்கான வரியை எந்தக் கணக்குக்கு உங்களால் நிரப்ப முடியவில்லையோ, அந்தக் கணக்கை அச்சுக்குப் போகும் முன் எடுத்துவிட்டு வேறு எண் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் துறையில் மூத்த ஒருவர்