கால் பார்த்த தேதி எங்கே?

எங்கள் கிளினிக்கில் சர்க்கரை நோயாளிகளின் ஓ.பி. சீட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எக்செல் பதிவேட்டில் ஏற்றச் சொல்கிறார் டாக்டர். எப்படிப் பிரிப்பது?
- செவிலியர், திண்டிவனம்

முதலில் சீட்டுகளைத் தேதிவாரியாக அல்ல, ஆள்வாரியாக அடுக்குங்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், ஓ.பி. எண்ணை நம்புங்கள். பதிவேட்டில் ஒருவருக்கு ஒரே வரி. அதில் ஒவ்வொரு சோதனைக்கும் கடைசி அளவும், அதை எடுத்த தேதியும் இருக்கட்டும்.

ஒரு சீட்டில் ‘சுகர் 210, பிபி 150/90, அதே மருந்து’ என்று மட்டும் இருக்கிறது என்று வையுங்கள். 210 வெறும் வயிற்றிலா, சாப்பிட்ட பிறகா? எழுதவில்லை என்றால் ‘ரேண்டம்’ கட்டத்தில் போடுங்கள். வெறும் வயிற்றுக் கட்டத்தில் போட்டால் டாக்டரைத் தேவையில்லாமல் பதற வைக்கும். 150, 90 இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம்; சேர்த்து எழுதினால் 140க்கு மேல் உள்ளவர்களை எக்செல் வடிகட்டித் தராது.

காலைப் பற்றி அந்தச் சீட்டில் ஒரு வார்த்தையும் இல்லை. இங்கேதான் கை ‘நார்மல்’ என்று எழுதத் துடிக்கும். எழுதாதீர்கள், வந்த தேதியையும் போடாதீர்கள். செருப்பைக் கழற்றி மோனோஃபிலமென்ட் வைத்துப் பார்த்த நாள்தான் கால் பரிசோதனைத் தேதி. H கட்டத்தில் அந்தத் தேதி இருந்தால், பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=IF(H2="",TODAY(),EDATE(H2,12))
```

காலியாக இருப்பவருக்கு இன்றைய தேதியே கெடுவாக வரும். உணர்வு குறைந்த கால் என்றால் 12ஐ 6 ஆக்குங்கள். முன்பு புண் வந்தவருக்கு 3. கெடு தேதிப்படி வரிசைப்படுத்தினால், நாளை யாரைச் செருப்பைக் கழற்றச் சொல்வது என்பது மேலேயே நிற்கும்.