நகைக்கல்ல, வாடகைக்குத்தான் பொறுப்பு

வங்கி லாக்கரை நம் ஆட்கள் சின்ன வைப்புநிதி போல நினைக்கிறார்கள். உள்ளே வைத்த நாற்பது சவரனுக்கும் வங்கி பொறுப்பு என்று நம்பிக்கொண்டு சாவியை வாங்கி வருகிறோம். உண்மையில் அது ஒரு பெட்டியின் வாடகை, அவ்வளவே. வங்கியின் மாஸ்டர் சாவியும் நம் சாவியும் சேர்ந்தால்தான் பூட்டு திறக்கும். திறந்த பிறகு வங்கி ஊழியர் வெளியே போய்விடுவார். உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு வங்கியிடம் ஒரு வரிக் குறிப்பும் கிடையாது.

இந்தக் குறிப்பின்மை எவ்வளவு படுத்தும் என்பதற்குக் கொல்கத்தாவின் அமிதாப தாஸ்குப்தா வழக்கே போதும். வாடகை பாக்கி என்று சொல்லி 1994-இல் யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியா அவருடைய லாக்கரை உடைத்தது. அவரோ அதற்கு முன்பே பாக்கியைக் கட்டியிருந்தார். ஏழு நகை வைத்தேன், இரண்டுதான் திரும்பி வந்தது என்றார் அவர். இருந்ததே இரண்டுதான் என்றது வங்கி. 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வங்கியைக் கண்டித்து 5 லட்சம் இழப்பீடும் 1 லட்சம் வழக்குச் செலவும் கொடுக்கச் சொன்னது. ஆனால் அந்த ஐந்து நகை? அதை உரிமையியல் நீதிமன்றத்தில் நிரூபித்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டது. அதற்குள் லாக்கரை உடைத்து இருபத்தாறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது!

அந்தத் தீர்ப்பின் பேரில்தான் ரிசர்வ் வங்கி 2022 ஜனவரி முதல் புது விதி கொண்டுவந்தது. தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி இவற்றால் நட்டம் வந்தால் ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வங்கி தரவேண்டும். வாடகை 3,000 என்றால் 3 லட்சம். இன்றைய விலையில் அது ஐந்து சவரனுக்குக்கூடக் காணாது. வெள்ளம், நிலநடுக்கம், இடி மின்னல் என்றால் அதுவும் கிடையாது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை மறக்காத பாடி, கொரட்டூர்க்காரர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவேண்டும்.

அப்படியானால் பீரோவே மேல் என்பார்கள். இல்லை. வீட்டுத் திருட்டுக்கு நூறு மடங்கு தர யார் இருக்கிறார்கள்? லாக்கரிலேயே வையுங்கள், ஆனால் ரசீது, எடை, ஹால்மார்க் எண் தெரியும்படி எடுத்த படம் ஆகியவற்றை வெளியே வைத்திருங்கள். லாக்கரில் உள்ள நகைக்கும் செல்லுமா என்று கேட்டு வீட்டுக் காப்பீடு எடுங்கள். வங்கி தானே லாக்கர் பொருளுக்குக் காப்பீடு விற்க விதி இடம் தரவில்லை. ரொக்கம் வைக்கவே கூடாது, ஒப்பந்தமும் அனுமதிக்காது. பத்திரங்களைத் தண்ணீர் புகாத உறையில் போடுங்கள். உயிலை மட்டும் அங்கே வைக்காதீர்கள்: நீங்கள் போன பிறகு லாக்கரைத் திறக்கவே நாமினியோ வாரிசோ காகிதத்தோடு அலையவேண்டும். வாடகையை மூன்று வருடம் கட்டாமல் விட்டால் உடைக்க வங்கிக்கு உரிமை உண்டு; கட்டியே வந்தாலும் ஏழு வருடம் திறக்காமல் இருந்து, உங்களையும் கண்டுபிடிக்க முடியாமல் போனால் அதே கதிதான். புதிதாக எடுப்பவர்கள் வாடகையை விசாரிக்கும்போதே லாக்கர் அறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்றும் கேட்டுவிடுங்கள்.