இளம் காப்புறுதி முகவருக்கு: சம்பளச் சாரதியும் கிளீனரும்

லொறி உரிமையாளர் தன் சாரதிக்கும் கிளீனருக்கும் கொடுக்க வேண்டிய நட்டஈட்டை 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் தீர்மானிக்கிறது. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக விபத்து நேர்ந்தால் போதும். முதலாளியிடம் தவறு இருந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. சாரதி கண்ணயர்ந்து மரத்தில் மோதினாலும் அவருக்கு உரித்து உண்டு. உரிமையாளர்கள் பலர் நம்ப மறுக்கும் இடம் இதுதான்.

கட்டாய மூன்றாம் தரப்புக் காப்புறுதி வீதியில் போகும் பிறருக்கானது. சாரதிக்காக அதை நம்பியிருக்க முடியாது. முழுக் காப்புறுதியோடு சேர்க்கப்படும் தனிநபர் விபத்து நலனும் ஒரு குறித்த தொகையைத் தருவதோடு சரி, முதலாளியின் பொறுப்பை அது தீர்க்காது. அந்தப் பொறுப்பைத் தாங்க, வேலையாட்கள் நட்டஈட்டுக் காப்பை மேலதிகக் கட்டுப்பணம் செலுத்தித் தனியே சேர்க்க வேண்டும். மரணம், நிரந்தர ஊனம், தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கான கொடுப்பனவு ஆகியவை அதில் அடங்கும்.

சுன்னாகத்தில் வெங்காயம் ஏற்றித் தம்புள்ளைக்குப் போகும் ஒரு லொறியை எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு சாரதி, இரண்டு கிளீனர்கள். பத்திரத்தில் இருப்பதோ ஒரு சாரதி, ஒரு கிளீனர். முறிகண்டியில் நிறுத்திப் படங்குக் கயிற்றை இறுக்கும்போது ஒரு கிளீனர் விழுந்து கால் முறிகிறது. வாகன வேலையில் நேர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கட்டுப்பணம் ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்பட்டிருப்பதால், காயப்பட்டவர் எந்தக் கிளீனர் என்று நிறுவனம் கேட்கும். நட்டஈடு மாதச் சம்பளத்தை அடிப்படையாகக் கொண்டது. நடைக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்து எழுதி வைக்காத உரிமையாளரிடம் அதற்கும் சான்று இராது. பத்திரம் எழுதும் நாளிலேயே வழமையாக ஏறும் ஆட்களின் எண்ணிக்கையைக் கேட்டுப் போடுவதும், சம்பளக் கொப்பி வைக்கச் சொல்வதும் முகவரின் வேலை.

குடும்ப லொறிகளில் இன்னொரு சிக்கல். சம்பளமின்றி ஓட்டும் மகனோ மைத்துனரோ இச்சட்டம் சொல்லும் வேலையாளாகக் கருதப்படுவது கடினம். அவருக்குத் தனிநபர் விபத்து நலனே பொருத்தம்.

காப்பு வாகனத்தோடு கட்டுண்டது என்பதையும் மறக்கக் கூடாது. அந்த லொறியின் மற்றக் கிளீனர் மறுநாள் உரிமையாளரின் களஞ்சியத்துக்கு வெள்ளை அடிக்கையில் ஏணியிலிருந்து விழுந்தால் வாகனப் பத்திரம் உதவாது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 5,50,000 ரூபாயிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியதுடன், வேலைக்குப் போகவர நேரும் விபத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. விடியப்புறம் சைக்கிளில் லொறியடிக்கு வரும் கிளீனரை ஒரு வாகனம் மோதினால் பொறுப்பு முதலாளியைச் சேரும். வாகனத்தை இயக்கும் வேலைக்கு மட்டும் எழுதிய காப்பு அங்கே எட்டாது. அந்த இடைவெளியை மூட, வாகனத்தைச் சாராத தனி வேலையாட்கள் நட்டஈட்டுப் பத்திரம் வேண்டும்.

மரணம் நேர்ந்தால் நட்டஈட்டுத் தொகை வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளரிடம் வைப்பிலிடப்பட்டு, அவர் ஊடாகவே தங்கியிருப்போருக்குப் போய்ச் சேரும். செத்த வீட்டில் உரிமையாளர் கையில் கொடுக்கும் பணம் அந்தக் கணக்கில் வராமல் போகலாம் என்பதால், நிறுவனத்துக்கு அறிவிக்கும் முன் எந்தத் தொகைக்கும் அவர் உடன்படாதிருப்பது நல்லது.