போனில் பேசிக்கொண்டே சீட்டை நீட்டுபவரிடம்

கோரிப்பாளையத்தில் அரசு ராஜாஜி மருத்துவமனையைச் சுற்றியுள்ள மெடிக்கல்களில் கவுண்டருக்கு வருபவர் காதில் போன் இருந்தால், பெரும்பாலும் அது வெட்டிப் பேச்சாக இருக்காது. வார்டில் படுத்திருப்பவரோ, ஊரில் இருக்கும் அம்மாவோ மறுமுனையில் இருப்பார். அதனால் அவரை மரியாதை தெரியாதவர் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தால்தான் அவர் கண்ணாடியைத் தட்டுவார்.

அவர் வந்து நின்றதுமே முகம் பார்த்து, தாழ்ந்த குரலில் "வாங்கக்கா" என்று ஒருமுறை சொல்லித் தலையசையுங்கள். சீட்டுக்காகக் கையை நீட்டுங்கள். அந்த நேரத்தில் கேள்வி எதுவும் வேண்டாம். பின்னால் நிற்பவர் தயாராக இருந்தால் அவரைக் கவனிக்கலாம். ஆனால் "அக்கா பேசி முடிச்சதும் அவங்களுக்குத்தான்" என்று இருவர் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள். வரிசை போய்விட்டதோ என்ற பதற்றம் அவருக்கு இருக்காது.

அவர் பேசும் நேரத்தில் சீட்டைப் படித்து, மாத்திரை அட்டைகளை எடுத்து, பெயர் மேலே தெரியும்படி ஒரு தட்டில் வைக்கலாம். அதற்கு மேல் போகக்கூடாது. "பத்து நாளைக்கா?" என்று நீங்கள் கேட்க அவர் தலையாட்டினால், அது உங்களுக்கான பதிலா, போனில் இருப்பவருக்கான பதிலா என்று தெரியாது.

சர்க்கரை மாத்திரையில் இது எப்படித் தவறும் என்று பாருங்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் சீட்டைக் கொண்டுவராமல் அப்பாவுக்கு மருந்து வாங்குகிறார். போனிலேயே வீட்டில் கேட்டுவிட்டு, "ரெண்டு கொடுங்க" என்கிறார். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் கலந்த மாத்திரைகள் ஒரே பெயரில் 1, 2 என்ற எண்களோடு வருகின்றன. அந்த எண் கிளிமிபிரைடின் மில்லிகிராம் அளவு. அவர் கேட்டது இரண்டு அட்டையா, 2 மில்லிகிராமா? 1 சாப்பிடுகிறவருக்கு 2 போனால் சர்க்கரை இறங்கி, வியர்வையும் நடுக்கமும் வரலாம். வயதானவர் மயங்கியே விழலாம்.

இந்த இடத்தில் மட்டும் பேச்சில் குறுக்கிடுவது சரி. "அக்கா, வீட்டுல இருக்கவங்ககிட்ட நான் ஒரு நிமிஷம் பேசட்டுமா?" என்று கேளுங்கள். பழைய அட்டையில் பெயருக்குப் பக்கத்திலுள்ள எண்ணை எழுத்து விடாமல் படிக்கச் சொல்லுங்கள். வெட்டிக் கொடுத்த துண்டு அட்டையில் அந்த எண்ணே போயிருக்கலாம். எப்படியிருந்தாலும் மருத்துவர் எழுதிய சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இந்த மாத்திரையைச் சீட்டில்லாமல் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. போனில் சொன்ன பெயர் சீட்டாகாது.

போனை வைத்ததும் முதலில் பணம் கேட்காதீர்கள். தட்டை அவர் பக்கம் திருப்பி, ஒவ்வோர் அட்டையாகப் பெயர், அளவு, எந்த வேளை என்று சொல்லுங்கள். மறுபடி அழைப்பு வந்தால், சொல்லி முடிக்காத அட்டை தட்டிலேயே இருக்கட்டும், பையில் போடாதீர்கள்.